தவறான அமைவால் வந்த கிளவுட் கட்டணம்: கிரெடிட் கேட்டு பில்லிங் குழுவிற்குக் கடிதம் எழுதும் முறை

கிளவுட் கணக்கில் ஒரு வளத்தைத் தவறாக அமைத்ததால் வந்த கட்டணத்தை வழங்குநர் தவறான கட்டணமாகக் கருதுவதில்லை. பயன்பாடு உண்மையில் நடந்திருக்கிறது. அறிவிக்கப்பட்ட விலைப்படிதான் கணக்கிடப்பட்டிருக்கிறது. அமைவைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு ஒப்பந்தப்படி வாடிக்கையாளருடையது. ஆகவே நாம் எழுதப்போகும் கடிதம், முறையீடு என்ற பெயரில் போனாலும், உள்ளடக்கத்தில் ஒரு சலுகைக் கோரிக்கைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் கடிதங்கள் "எங்களுக்கு அநியாயமாகக் கட்டணம் விதித்துவிட்டீர்கள்" என்று தொடங்குகின்றன. அதைப் படிக்கும் பில்லிங் ஊழியர் கட்டணத்தைச் சரிபார்த்து, அது சரிதான் என்று பதில் அனுப்பிவிட்டால் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த ஊழியரால் பெரும்பாலும் தாமாகவே கிரெடிட், அதாவது கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் தொகை, வழங்க முடியாது. உரிய அனுமதி பெறுவதற்காகக் கோரிக்கையை உள்ளே வேறொருவருக்கு அனுப்பவேண்டும். அப்படி அனுப்பும்போது அவரிடம் நான்கு கேள்விகள் கேட்கப்படும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது: கட்டணம் எதனால் வந்தது, அது நின்றுவிட்டதா, எவ்வளவு தொகை வழக்கத்திற்கு மாறானது, இனி வராமலிருக்க என்ன செய்திருக்கிறார்கள். இந்த நான்கிற்கும் அவர் நம் கடிதத்திலிருந்தே விடை எடுத்துக்கொள்ள முடிந்தால், அவர் வேலையில் பாதியை நாம் முடித்துக் கொடுத்தவர்களாவோம்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே முழுமையாகப் பார்க்கலாம். எடுத்துக்கொள்ளும் வழங்குநர் அமேசான் வெப் சர்வீசஸ். எடுத்துக்கொள்ளும் வளம் நேட் கேட்வே. நிகழ்வும் அதன் எண்களும் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. விலையும் செயல்முறையும் உண்மையானவை.

என்ன நடந்தது

ஒரு குழுவின் சர்வர்கள் இணையத்திலிருந்து நேரடியாக அணுக முடியாத பிரைவேட் சப்நெட்டில் இயங்குகின்றன. அவை வெளியே செல்ல ஒரு நேட் கேட்வே இருக்கிறது. us-east-1 ரீஜனில் அதற்கு இரண்டு வகைக் கட்டணங்கள் உண்டு: இயங்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் 0.045 டாலர், அதன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு ஜிபி தரவுக்கும் 0.045 டாலர். எஸ்3 சேமிப்பகத்திலிருந்து படங்களைப் படிக்கும் இரவு நேரப் பணி ஒன்றும் அந்தக் குழுவிடம் இருக்கிறது. அந்தத் தரவு நேட் கேட்வே வழியாகப் போகாமலிருக்க எஸ்3க்கான கேட்வே எண்ட்பாயிண்ட் ஒன்றை முன்பே அமைத்திருக்கிறார்கள். அந்த எண்ட்பாயிண்ட்டுக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. அதே ரீஜனில் எஸ்3க்கும் சர்வருக்கும் இடையே நடக்கும் பரிமாற்றத்திற்கும் கட்டணம் இல்லை.

பழைய சப்நெட்டில் ஐபி முகவரிகள் தீர்ந்துபோனதால், அதே அவைலபிலிட்டி ஸோனில் புதிய சப்நெட் ஒன்றையும், தரவு எந்த வழியில் செல்ல வேண்டும் என்று அதற்குச் சொல்லும் ஒரு புதிய ரூட் டேபிளையும் உருவாக்கி, இரவுப் பணியை அங்கே மாற்றுகிறார்கள். புதிய ரூட் டேபிளில், தனி வழி இல்லாத எல்லா முகவரிகளுக்குமான 0.0.0.0/0 என்ற வழி நேட் கேட்வேயைக் காட்டுகிறது. ஆனால் எஸ்3 எண்ட்பாயிண்ட்டை அந்த ரூட் டேபிளுடன் இணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்வே எண்ட்பாயிண்ட், இந்த சப்நெட்டுகள் அடங்கிய விபிசி என்ற வலையமைப்பு முழுவதற்கும் தானாகப் பொருந்துவதில்லை. எந்தெந்த ரூட் டேபிளுடன் இணைக்கப்பட்டிருக்கிறதோ அவற்றைப் பயன்படுத்தும் சப்நெட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். இங்கே கவனிக்கவேண்டியது, எந்தப் பிழைச்செய்தியும் வருவதில்லை என்பதுதான். பணி வழக்கம்போல ஓடுகிறது, படங்கள் வழக்கம்போல வருகின்றன, தரவு மட்டும் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த வகைத் தவறு பல நாட்கள் கண்ணில் படாமல் நீடிக்கிறது.

2025 மார்ச் 3 முதல் மார்ச் 16 வரை, நாளொன்றுக்கு 2,500 ஜிபி வீதம், நேட் கேட்வே வழியாகத் தரவு செல்கிறது. அதற்கு முன் நாளொன்றுக்கு 10 ஜிபி அளவே சென்றுகொண்டிருந்தது.

முதலில் பதிவு, பிறகு திருத்தம்

அதிர்ச்சியில் பலரும் செய்வது சந்தேகத்திற்குரிய வளத்தை உடனே அழிப்பது. கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்துவது அவசரம்தான். ஆனால் நிறுத்துவதற்கு முன் சில நிமிடங்கள் செலவிட்டு, இருந்த நிலையை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ரூட் டேபிளின் அன்றைய நிலையை இந்தக் கட்டளையால் ஒரு கோப்பில் சேமிக்கலாம்:

```
aws ec2 describe-route-tables \
  --route-table-ids rtb-0123456789abcdef0 > before.json
```

அந்தக் கோப்பில் எண்ட்பாயிண்ட் இணைந்திருந்தால், vpce- என்று தொடங்கும் ஓர் அடையாளம் இருக்கும். அது இல்லை என்பதே நம் காரணத்திற்கான சான்று. அடுத்ததாக, வளங்களின் அளவீடுகளைக் காட்டும் கிளவுட்வாட்ச்சில் நேட் கேட்வேக்கான BytesInFromDestination என்ற அளவீட்டின் வரைபடத்தைப் பிரச்சினைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து எடுத்துச் சேமிக்க வேண்டும். எஸ்3லிருந்து சர்வருக்கு வந்த தரவு இந்த அளவீட்டில் தெரியும். மார்ச் 3 அன்று கோடு திடீரென்று உயர்வதை ஒரு படம் காட்டிவிட்டால், அதைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தேவையில்லை.

மூன்றாவதாக, கணக்கில் செய்யப்பட்ட மாற்றங்களைப் பதிவு செய்யும் கிளவுட்டிரெயிலின் Event history பக்கத்தில் அந்த ரூட் டேபிள் எப்போது உருவாக்கப்பட்டது, எப்போது சப்நெட்டுடன் இணைக்கப்பட்டது என்பதைத் தேட வேண்டும். CreateRouteTable, AssociateRouteTable என்ற பெயர்களில் அந்த நிகழ்வுகள் இருக்கும். இந்தப் பக்கம் கடந்த 90 நாட்களின் நிகழ்வுகளை மட்டுமே காட்டும் என்பதால், தாமதமாகத் தேடினால் கிடைக்காது. இணைக்கப்பட்ட நேரமும் வரைபடத்தில் கோடு உயரும் நேரமும் ஒத்துப்போனால் காரணம் உறுதியாகிறது. ஒத்துப்போகவில்லையென்றால் நம் ஊகம் தவறாக இருக்கலாம். அந்த நிலையில் கடிதத்தை அனுப்பாமல் மேலும் தேடுவதே முறை. காரணத்தைத் தவறாகச் சொல்லிவிட்டு இரண்டாவது மடலில் மாற்றிச் சொன்னால், முதல் மடலில் இருந்த எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பதிவுகள் முடிந்ததும் திருத்தம் எளிது:

```
aws ec2 modify-vpc-endpoint \
  --vpc-endpoint-id vpce-0123456789abcdef0 \
  --add-route-table-ids rtb-0123456789abcdef0
```

இதைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். வழி மாறும் அந்தக் கணத்தில் எஸ்3உடன் திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடும். ஆகவே இரவுப் பணி ஓடாத நேரத்தில் செய்வது நல்லது. எஸ்3 பக்கெட்டின் அனுமதி விதியில் நேட் கேட்வேயின் பொது ஐபி முகவரியைக் குறிப்பிட்டு அனுமதி கொடுத்திருந்தால், வழி மாறிய பிறகு அந்த அனுமதி பொருந்தாது. aws:SourceVpce என்ற நிபந்தனையைக் கொண்டு எண்ட்பாயிண்ட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். கேட்வே எண்ட்பாயிண்ட் அதே ரீஜனிலுள்ள பக்கெட்டுக்கு மட்டுமே பயன்படும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்தியவுடன் கடிதம் எழுத உட்கார வேண்டாம். அடுத்த இரவுப் பணி ஓடி முடியும்வரை காத்திருந்து, அளவீடு பழைய நிலைக்குத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மார்ச் 16 காலை 10:30க்குத் திருத்தம் செய்யப்படுகிறது. மார்ச் 17 அன்று நேட் கேட்வே வழியாகச் சென்ற தரவு 11 ஜிபி. "சரிசெய்துவிட்டோம்" என்று எழுதுவதைவிட, "திருத்தத்திற்குப் பிறகு 11 ஜிபியாகக் குறைந்தது" என்று எழுதுவது மிகவும் வலுவானது. பில்லிங் குழுவினர் முதலில் சரிபார்ப்பதும் இதைத்தான். கட்டணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கிற்குக் கிரெடிட் கொடுக்கப் பெரும்பாலும் முன்வரமாட்டார்கள்.

தொகையைக் கணக்கிடுதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவர்கள் மாதப் பில்லின் மொத்தத் தொகையைப் பார்த்து அதை முழுவதுமாகத் திருப்பிக் கேட்கிறார்கள், அல்லது "பெரிய தொகை" என்று எழுதி எண்ணையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஊழியரை வேறு கணக்குப் போட வைக்கும். அப்படி அவர் போடும் கணக்கு நமக்குச் சாதகமாக அமையும் என்ற உறுதி இல்லை.

முதலில் கட்டணம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். கட்டணங்களைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் நேட் கேட்வே என்ற பெயரில் ஒரு சேவை இருக்காது. அந்தக் கட்டணம் EC2-Other என்ற தலைப்பின்கீழ் ஒளிந்திருக்கும். Usage type என்பதைக் கொண்டு பிரித்துப் பார்த்தால், மணிநேரக் கட்டணம் NatGateway-Hours என்றும், தரவுக் கட்டணம் NatGateway-Bytes என்றும் தனித்தனியே தெரியும். us-east-1 அல்லாத ரீஜன்களில் இந்தப் பெயர்களுக்கு முன்னால் ரீஜனின் சுருக்கம் ஒன்று சேர்ந்திருக்கும். நாள்வாரியான எண்களைக் கட்டளை வழியாகவும் எடுக்கலாம்:

```
aws ce get-cost-and-usage \
  --time-period Start=2025-03-03,End=2025-03-17 \
  --granularity DAILY \
  --metrics UnblendedCost UsageQuantity \
  --filter '{"Dimensions":{"Key":"USAGE_TYPE","Values":["NatGateway-Bytes"]}}'
```

இதில் End என்று கொடுக்கும் நாள் கணக்கில் சேராது. மார்ச் 16 வரை வேண்டுமென்றால் மார்ச் 17 என்று கொடுக்க வேண்டும். இந்த ஒரு நாள் பிழையால் கடிதத்திலுள்ள தொகையும் பில்லிலுள்ள தொகையும் பொருந்தாமல் போவதுண்டு. நாள் என்பது யுடிசி நேரப்படிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிளவுட்வாட்ச் வரைபடத்தை உள்ளூர் நேரத்தில் எடுத்திருந்தால், அதையும் யுடிசிக்கு மாற்றி எடுத்துக்கொள்வது நல்லது. காஸ்ட் எக்ஸ்ப்ளோரரின் தரவு உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை, ஒரு நாள்வரை தாமதம் ஆகலாம். எனவே கடைசி நாளின் எண் நிலைபெற்ற பிறகே கூட்டலை முடிக்க வேண்டும்.

இப்போது கணக்கு. 14 நாட்களில் மொத்தம் 35,000 ஜிபி, ஜிபிக்கு 0.045 டாலர் வீதம் 1,575.00 டாலர். இதே 14 நாட்களில் தவறு நடக்காமலிருந்தாலும் நாளொன்றுக்கு 10 ஜிபி சென்றிருக்கும். அது 140 ஜிபி, 6.30 டாலர். வித்தியாசம் 1,568.70 டாலர். நாம் கேட்க வேண்டியது இந்தத் தொகையைத்தான். நேட் கேட்வே முன்பிருந்தே இயங்கிக்கொண்டிருந்ததால், மணிநேரக் கட்டணத்தில் தவறான அமைவால் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே அதைக் கேட்கக்கூடாது.

6.30 டாலரைக் கழிப்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் என் கருத்தில் கடிதம் முழுவதிலும் மிகவும் பயனுள்ள வரி அதுதான். வழக்கமான பயன்பாட்டிற்கான தொகையை நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பதை அந்த வரி காட்டுகிறது. மீதியுள்ள எண்ணை ஊழியர் தயக்கமின்றி எடுத்து மேலே அனுப்ப முடிகிறது. "வழக்கமானது" என்பதற்கும் சான்று வேண்டும்: பிரச்சினைக்கு முந்தைய 14 நாட்களின் சராசரியை, அதாவது பிப்ரவரி 17 முதல் மார்ச் 2 வரையிலானதை, எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஏதேனும் விடுமுறையோ வேறு பெரிய பணியோ இருந்திருந்தால் இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

கூடவே வேறு கட்டண வரிகளும் உயர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. புதிய சப்நெட் வேறொரு அவைலபிலிட்டி ஸோனில் இருந்து, நேட் கேட்வே பழைய ஸோனிலேயே இருந்திருந்தால், ஸோன்களுக்கு இடையிலான பரிமாற்றக் கட்டணம் DataTransfer-Regional-Bytes என்ற வரியில் தனியே சேர்ந்திருக்கும். ஒரே காரணத்தால் வந்த எல்லாக் கட்டணங்களையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிட வேண்டும். பிறகு நினைவுக்கு வந்ததை இரண்டாவது கோரிக்கையாக அனுப்பினால் அது புதிய சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும். பணத்தைக் கணக்கிடும்போது பில்லிலுள்ள ஜிபி அளவை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கிளவுட்வாட்ச் காட்டும் பைட் எண்ணிக்கையை நாமே ஜிபியாக மாற்றினால், வகுக்கும் எண்ணைப் பொறுத்து விடை வேறுபடும்.

கடிதம்

கடிதம் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். முதல் பத்தியிலேயே கோரிக்கையும் தொகையும் இருக்க வேண்டும். பின்வரும் பத்திகள் அதற்கான ஆதாரம் மட்டுமே. கீழே உள்ளது தமிழில் எழுதப்பட்ட மாதிரி. அனுப்பும்போது அந்த ஆதரவுக் குழு ஏற்கும் மொழியில் பெயர்த்து அனுப்ப வேண்டும்; முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் நாம் சொல்ல வருவது நமக்கே தெளிவாகத் தெரியும்.

> பொருள்: நேட் கேட்வே தரவுக் கட்டணம், 2025 மார்ச் 3 – 16, 1,568.70 டாலர் கிரெடிட் கோரிக்கை
>
> பில்லிங் குழுவினருக்கு வணக்கம்.
>
> 111122223333 என்ற எங்கள் கணக்கில், us-east-1 ரீஜனில், 2025 மார்ச் 3 முதல் 16 வரை (யுடிசி) NatGateway-Bytes வரியில் வழக்கத்திற்கு மாறான கட்டணம் பதிவாகியுள்ளது. இது எங்கள் அமைவுத் தவறால் ஏற்பட்டது. இதில் 1,568.70 டாலரை ஒருமுறைச் சலுகையாகக் கிரெடிட் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> காரணம்: மார்ச் 2 அன்று புதிய சப்நெட்டுக்காக rtb-0123456789abcdef0 என்ற ரூட் டேபிளை உருவாக்கினோம். ஏற்கனவே எங்களிடம் இருந்த எஸ்3 கேட்வே எண்ட்பாயிண்ட்டை (vpce-0123456789abcdef0) அதனுடன் இணைக்கத் தவறிவிட்டோம். அதனால் எஸ்3லிருந்து படிக்கப்பட்ட தரவு முழுவதும் nat-0123456789abcdef0 வழியாகச் சென்றது.
>
> திருத்தம்: மார்ச் 16 அன்று 10:30 யுடிசிக்கு எண்ட்பாயிண்ட்டை இணைத்தோம். மார்ச் 17 அன்று நேட் கேட்வே வழியாகச் சென்ற தரவு 11 ஜிபி. தவறு நீடித்த நாட்களில் அது நாளொன்றுக்கு 2,500 ஜிபியாக இருந்தது.
>
> தொகை: 14 நாட்களில் 35,000 ஜிபி, 1,575.00 டாலர். முந்தைய 14 நாட்களின் சராசரியான நாளொன்றுக்கு 10 ஜிபியை வழக்கமான பயன்பாடாகக் கொண்டு 140 ஜிபிக்கான 6.30 டாலரைக் கழித்துள்ளோம். மணிநேரக் கட்டணத்தைக் கோரவில்லை.
>
> தடுப்பு: நேட் கேட்வேயின் BytesInFromDestination அளவீட்டிற்கு மார்ச் 17 அன்று எச்சரிக்கை அமைத்துள்ளோம், NatGateway-Bytes வரிக்கு நாள் வரம்புடன் ஒரு பட்ஜெட்டும் அமைத்துள்ளோம். புதிய ரூட் டேபிள் உருவாக்கும்போது எண்ட்பாயிண்ட் இணைப்பும் சேர்ந்தே நடக்கும்படி எங்கள் அமைவுக் குறிநிரலை மாற்றியுள்ளோம்.
>
> கிளவுட்வாட்ச் வரைபடமும், நாள்வாரிக் கட்டணப் பட்டியலும், திருத்தத்திற்கு முந்தைய ரூட் டேபிள் பதிவும் இணைக்கப்பட்டுள்ளன. வேறு விவரம் தேவைப்பட்டால் இதே கோரிக்கையில் தெரிவிக்கவும்.
>
> நன்றி.

இந்த மாதிரியில் தவறு யாருடையது என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். சிலர் இதை ஒப்புக்கொண்டால் கிரெடிட் கிடைக்காது என்று அஞ்சி, ஆவணம் தெளிவாக இல்லை என்றோ, கன்சோல் எச்சரிக்கவில்லை என்றோ எழுதுவார்கள். பில்லிங் குழுவிற்கு ஆவணங்களின் மீது அதிகாரம் கிடையாது. அந்தக் குற்றச்சாட்டு வேறு பிரிவுக்குப் போய், கோரிக்கையின் போக்கே மாறிவிடும். ஆவணத்தைப் பற்றிய கருத்து உண்மையிலேயே இருந்தால், அதைத் தனியே தெரிவிக்கலாம். அதேபோல வேறு வழங்குநருக்கு மாறிவிடுவோம் என்ற மிரட்டலுக்கும், நிறுவனத்தின் நிதி நிலை பற்றிய நீண்ட விளக்கத்திற்கும் இந்தக் கடிதத்தில் இடமில்லை. தொகையைச் செலுத்துவது உண்மையில் கடினம் என்றால் ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

தடுப்பு என்ற பத்தியில், ஏற்கனவே செய்து முடித்தவற்றை மட்டுமே எழுத வேண்டும். "அமைக்க இருக்கிறோம்" என்ற சொற்றொடர் கடிதத்தில் இருந்தால், அனுப்புவதை நிறுத்திவிட்டு அதை முதலில் அமைத்துவிடுவதே சிறந்தது. பட்ஜெட்டை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. பட்ஜெட் எச்சரிக்கை பில்லிங் தரவைச் சார்ந்திருப்பதால், பல மணி நேரம் தாமதமாக வரும். கிளவுட்வாட்ச் எச்சரிக்கை தரவின் அளவையே நேரடியாகப் பார்ப்பதால், சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

எங்கே, எப்படி அனுப்புவது

Support Center பக்கத்தில் புதிய கோரிக்கையைத் திறந்து, Account and billing என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வகைக் கோரிக்கைக்குக் கட்டண ஆதரவுத் திட்டம் தேவையில்லை. அடிப்படைத் திட்டத்தில் உள்ளவர்களும் அனுப்பலாம். பல கணக்குகளை ஒரே அமைப்பின்கீழ் வைத்துப் பில் செலுத்துபவர்கள், பில் செலுத்தும் மேலாண்மைக் கணக்கிலிருந்து கோரிக்கையைத் திறந்து, கட்டணம் நேர்ந்த கணக்கின் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். கடவுச்சொல், அணுகல் சாவி போன்றவற்றைக் கடிதத்திலோ இணைப்பிலோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளில் அவை தப்பித்தவறி இடம்பெற்றிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒரு நிகழ்விற்கு ஒரே கோரிக்கை. பதில் தாமதமானால் அதிலேயே தொடர்ந்து எழுத வேண்டும். இரண்டாவதாக ஒன்றைத் திறந்தால் அது வேறு ஊழியரிடம் போய், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நிலை உருவாகும். மாதம் முடிந்து பில் இறுதியான பிறகே கிரெடிட் பற்றி முடிவெடுக்க முடியும் என்று பதில் வந்தால், அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத நடுவில் கட்டணத் தொகை இன்னும் மதிப்பீடாகவே இருப்பதால் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு நன்றி சொல்லி, பில் இறுதியானவுடன் அதே கோரிக்கையில் பில் எண்ணைச் சேர்த்து எழுதினால் போதும்.

அதற்கிடையே பில் செலுத்தும் நாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். அட்டை வழியே தானாகப் பணம் எடுக்கும்படி அமைத்திருப்பவர்கள், கோரிக்கையிலேயே அதைக் குறிப்பிட்டு, முடிவு வரும்வரை என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். வங்கியிடம் போய் அட்டைக் கட்டணத்தை மறுப்பது மட்டும் கூடாது. பயன்பாடு உண்மையானது என்பதால் அந்த மறுப்பு நிலைக்காமல் போகலாம். செலுத்தப்படாத தொகைக்காகக் கணக்கு முடக்கப்பட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர்களும் சேர்ந்து நிற்கும்.

பதில் வந்த பிறகு

கேட்ட தொகையில் ஒரு பகுதிக்கு மட்டும் கிரெடிட் தருவதாகப் பதில் வரலாம். அப்போது, அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. சில நாட்கள் விடுபட்டிருந்தாலோ வேறு ரீஜனைப் பார்த்திருந்தாலோ, நாள்வாரிப் பட்டியலைக் காட்டி அதைச் சுட்டலாம். கணக்கில் பிழை இல்லை, கொடுக்க முடிந்ததே அவ்வளவுதான் என்றால் ஏற்றுக்கொள்வதே நல்லது. முழுவதும் மறுத்துவிட்டால், ஒரே ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் அதில் முதல் கடிதத்தில் இல்லாத ஒரு தகவல் இருக்க வேண்டும். உதாரணமாக, திருத்தத்திற்குப் பின் முழுதாக ஒரு வாரத்தின் எண்கள் கையில் வந்திருந்தால் அதை இணைத்து அனுப்பலாம். முதலில் எழுதியதையே கடுமையான சொற்களில் திரும்ப எழுதினால் முடிவு மாறாது. இத்தகைய சலுகை பொதுவாக ஒருமுறைதான் என்பதால், இதே காரணத்திற்காக மறுமுறை கேட்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.

கிரெடிட் என்பது பெரும்பாலும் பணமாகத் திரும்பி வருவதில்லை; கணக்கில் சேர்ந்து, பொருந்தும் கட்டணங்களில் கழியும். ஏற்கனவே செலுத்திய தொகையைப் பணமாகவே திரும்பப் பெற வேண்டுமென்றால், அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். கிரெடிட் வழங்கப்பட்டதாகப் பதில் வந்தபின், பில்லிங் கன்சோலின் Credits பக்கத்தில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: தொகை, காலாவதி நாள், எந்தெந்தச் சேவைகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியல். நேட் கேட்வே கட்டணம் பில்லில் Elastic Compute Cloud என்ற தலைப்பின்கீழ் வருவதால், அந்தச் சேவை பட்டியலில் இல்லையென்றால் கிரெடிட் கணக்கில் இருந்தும் அந்தக் கட்டணத்தில் கழியாது. அப்படி நேர்ந்தால், கோரிக்கை மூடப்படுவதற்கு முன்பே அதே இழையில் எழுதி, பட்டியலைத் திருத்தித் தரக் கேட்க வேண்டும்.